இரவு 9.30 மீட்டிங்கும் எங்கள் பக்கமே குவியும் வேலையும்: மூன்று நாட்டு டீமில் இதை எப்படிப் பேசுவது?

நள்ளிரவு நிலா · 9 செப்டம்பர்

இப்போதுதான் மீட்டிங் முடிந்தது. மணி 11. மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் டீமில் 9 பேர். இந்தியாவில் நாங்கள் 4 பேர், ஜெர்மனியில் 2, கலிபோர்னியாவில் 3. லீடு கலிபோர்னியாவில் இருக்கிறார். தினமும் அவர்களுக்குக் காலை 9 மணிக்கு அரை மணி நேர ஸ்டாண்ட்-அப். நமக்கு அது இரவு 9.30. செவ்வாய்க்கிழமை அதை ஒட்டியே ஒரு மணி நேரம் பிளானிங். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் எல்லாம் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். போன குளிர்காலம் முழுக்க இரவு 10.30க்கு உட்கார்ந்தோம்.

இதோடு வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரையில் இருப்பவர்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில்தான் ரிலீஸ் செய்ய முடியும். அது எங்களுக்குப் பகல் என்பதால் ரிலீஸ் எங்கள் தலையில். அங்கே ராத்திரி வரும் அலர்ட்டும் எங்கள் தலையில். காலையில் வந்து பார்த்தால் வரிசையில் நிற்கும் டிக்கெட்டும் எங்கள் தலையில்தான். புதிதாகக் கட்டும் வேலை எல்லாம் அந்தப் பக்கம்.

இன்றைக்கு லீடு கேட்டார்: "இந்தியாவில் 4 பேர் இருந்தும் ஏன் 29 பாயிண்ட், இங்கே 3 பேர் 41 முடித்திருக்கிறார்களே?" நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. இரவு பத்தரைக்கு யாருக்குப் பதில் வரும்?

புலம்புகிறார்கள் என்ற பெயர் வாங்காமல் இதை எப்படிப் பேசுவது? இப்படிப்பட்ட டீமில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகம்_77 · 9 செப்டம்பர்

இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் கேளுங்க. ராத்திரி 9 மணிக்கு மேல வேலைன்னா தனி காசு கேக்கலாம். ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில் தட்டிவிடுங்க, முடிஞ்சது.

நள்ளிரவு நிலா · 10 செப்டம்பர்

பணம் என் கேள்வி இல்லைங்க. அலவன்ஸ் கொடுத்தாலும் அந்த 9.30 அங்கேயேதான் இருக்கும். அப்புறம், அதற்குத்தானே காசு வாங்குகிறீர்கள் என்று இன்னும் இரண்டு மீட்டிங் சேர்ந்துவிடும். எனக்கு வேண்டியது நேரமும் வேலைப் பங்கும்.

நேர்வழி · 10 செப்டம்பர்

சுழற்சி முறைதான் நியாயம். ஒரு மாதம் கலிபோர்னியாவுக்கு வசதியான நேரம், அடுத்த மாதம் இந்தியாவுக்கு, அதற்கடுத்த மாதம் ஜெர்மனிக்கு. கஷ்டம் எல்லாருக்கும் சமமாகப் பங்கு விழும். எங்கள் பழைய கம்பெனியில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இப்படித்தான் செய்தோம், ஒரு சண்டையும் வந்ததில்லை.

பழைய மேலாளர் · 10 செப்டம்பர்

நேர்வழி சொல்வது இரண்டு இடங்களுக்குச் சரி. மூன்றாவது இடம் நடுவில் வந்தால் கணக்கு உடைந்துவிடும். பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட டீம்களை நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மணியைப் பாருங்கள். இப்போதைய கோடை நேரப்படி கலிபோர்னியா நமக்கு 12.30 மணி நேரம் பின்னால், ஜெர்மனி 3.30 மணி நேரம் பின்னால். ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலை என்று வைத்துக்கொண்டால் நமக்கும் ஜெர்மனிக்கும் தினமும் ஐந்தரை மணி நேரம் ஒன்றாகக் கிடைக்கிறது. நமக்கும் கலிபோர்னியாவுக்கும் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஜெர்மனிக்கும் கலிபோர்னியாவுக்கும்கூட இல்லை: இவர்கள் கிளம்பும் 6 மணிக்குத்தான் அவர்களுக்குக் காலை 9.

சுழற்சியில் "இந்தியாவுக்கு வசதியான மாதம்" என்றால் என்ன நேரம் வைப்பீர்கள்? நமக்குக் காலை 7.30 என்றால் கலிபோர்னியாவில் மாலை 7. அது பரவாயில்லை. ஆனால் ஜெர்மனியில் விடியற்காலை 4 மணி. அந்த இரண்டு பேரும் ஒரு மாதம் முழுக்க மீட்டிங்குக்கே வர முடியாது. ஆக 9 பேரும் ஒரே அழைப்பில் உட்கார வேண்டுமானால் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சந்துதான்: கலிபோர்னியாவில் காலை 7, ஜெர்மனியில் மாலை 4, இந்தியாவில் இரவு 7.30. இது யாருக்கும் சுகமில்லை, யாருக்கும் கொடுமையும் இல்லை. ஆனால் அதைத் தினமும் கேட்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் கேட்கலாம்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. நீங்கள் மீட்டிங் நேரத்தை ஒரு குறையாகவும் வேலைப் பங்கை இன்னொரு குறையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே முடிச்சாகத் தெரிகிறது. உங்கள் டீமில் வேலையை எங்கே பிரிக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை பிளானிங்கில். அப்போது அவர்களுக்குக் காலை 9.30, காபி குடித்துவிட்டுத் தெளிவாக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு இரவு 10. நல்ல வேலை எது என்று பார்த்து "இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல அந்த நேரத்தில் தெம்பு யாருக்கு இருக்கும்? மிஞ்சியது உங்களுக்கு வருகிறது. யாரும் சதி செய்யவில்லை. விழித்திருப்பவர் பொறுக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். அழைப்பு முடிந்த பிறகும் அவர்கள் மூவரும் அங்கேயே பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி முடிவு அப்போதுதான் எடுக்கப்படும்.

அதனால் நேரத்தை மட்டும் மாற்றக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீட்டிங்கில் வேலை பிரிப்பதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமையே வேலைகளைப் போர்டில் போட்டு, 24 மணி நேரம் திறந்து வைக்கட்டும். ஒவ்வொருவரும் தன் பகல் நேரத்தில் பார்த்துப் பெயர் போடட்டும். செவ்வாய்க்கிழமை அழைப்பில் மோதல் இருப்பதை மட்டும் பேசுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வாரம் எல்லோரும், 9 பேரும், போர்டில் ஏறாத வேலைக்குப் போன நேரத்தைக் குறித்து வையுங்கள். ரிலீஸ், அலர்ட், டிக்கெட், வாடிக்கையாளர் பேச்சு, எதுவானாலும். அரை மணிக் கணக்கு போதும், நிமிடக் கணக்கு வேண்டாம். நீங்கள் நான்கு பேர் மட்டும் குறித்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும், அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள்.

காலை ஏழு · 11 செப்டம்பர்

நான் கலிபோர்னியா பக்கம் இருக்கிற ஆள். என் டீம் வேறு, ஆனால் நிலவரம் ஏறக்குறைய இதேதான். இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

காலை 7 மணி என்பது கேட்க எளிது. குழந்தையை எழுப்பிக் கிளப்பிப் பள்ளியில் விடுகிற நேரம் அது. எங்கள் டீமில் இரண்டு பேர் தனியாக வளர்க்கிறவர்கள், அவர்களால் முடியவே முடியாது. இன்னொன்று: நாங்கள் புதிய வேலையை மட்டும் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதாக இந்தியாவில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் அழைப்பு, விற்பனைக்காரர்களோடு டெமோ, மேலே போகும் ரிப்போர்ட் என்று பகல் முழுக்க எங்களைப் பிய்த்து எடுக்கிறார்கள். அது எங்கள் போர்டிலும் ஏறுவதில்லை. அப்போது உங்கள் பக்கம் இரவானதால் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கஷ்டம் பொய் என்று சொல்லவில்லை தோழி. இரவு 11 மணி வரை உட்கார வைப்பது தவறு. ஆனால் உங்கள் லீடு மனசாட்சி இல்லாதவர் என்ற முடிவோடு பேசப் போகாதீர்கள்.

தென்துருவம் · 11 செப்டம்பர்

எங்கள் கதையைக் கேட்டால் நீங்கள் கொஞ்சம் ஆறுதலடையலாம். நான் சிட்னி, என் டீம் லண்டன். இரண்டு ஊரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், ஆனால் எதிரெதிர்த் திசையில். ஜூன் ஜூலையில் வித்தியாசம் 9 மணி நேரம். டிசம்பரில் 11. நடுவில் ஏப்ரல் தொடக்கத்தில் சில நாளும் அக்டோபரில் சில வாரமும் 10. லண்டனில் காலை 9 மணி மீட்டிங் எனக்கு ஜூலையில் மாலை 6, டிசம்பரில் இரவு 8. வருடத்தில் நான்கு முறை நேரம் நகரும்.

நாங்கள் செய்தது: மீட்டிங்கையே ஒழித்துவிட்டோம். எல்லாம் எழுத்தில். ஆறு மாதம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கும் லண்டனில் ஒருவருக்கும் எழுத்திலேயே பெரிய மனஸ்தாபம். முகம் பார்த்தே இராத இருவர். சாதாரண வாக்கியத்தைக்கூடக் குத்தலாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது வாரம் ஒரு அழைப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம்.

சோதனைக்காரி · 12 செப்டம்பர்

மீட்டிங்கை ரெக்கார்ட் செய்து போட்டால் போதாதா? காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாமே. எதற்கு இவ்வளவு போராட்டம்?

பழைய மேலாளர் · 12 செப்டம்பர்

ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை ஒரு வாரம் பார்ப்பார்கள் அம்மா. மூன்றாவது வாரம் யாரும் திறக்க மாட்டார்கள். பார்த்தாலும் என்ன பயன்? முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ரெக்கார்டிங் பார்ப்பவர் சாட்சிதான், பங்காளி இல்லை. அதை விட, "இன்ன முடிவு, இன்ன காரணம், நாளை இந்நேரம் வரை மறுப்புச் சொல்லலாம்" என்று ஐந்து வரி எழுதிப் போடுவது நூறு மடங்கு மேல். அந்த 24 மணி நேரம் முடியும்வரை எந்த முடிவும் உறுதியில்லை என்பதை விதியாக வையுங்கள். விதி இல்லாவிட்டால் அவசரம் என்ற பெயரில் மீறுவார்கள். உண்மையான அவசரத்துக்கு விலக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எது அவசரம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

நள்ளிரவு நிலா · 15 செப்டம்பர்

எல்லோருக்கும் நன்றி. காலை ஏழு, நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது எங்கள் லீடு எத்தனை வாடிக்கையாளர் அழைப்பில் உட்காருகிறார் என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

லீடுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பலாம் என்றிருக்கிறேன். இப்படி எழுதினால் சரியா?

"கடந்த செவ்வாய் நீங்கள் பாயிண்ட் பற்றிக் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. போர்டில் ஏறாத வேலை நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இரண்டு வாரம் மூன்று இடத்திலும் எல்லோரும் அதைக் குறித்து வைத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். தாள் நான் தயார் செய்கிறேன். முடிந்ததும் மீட்டிங் நேரத்தையும் சேர்த்துப் பேச விரும்புகிறேன்."

பழைய மேலாளர் · 15 செப்டம்பர்

நன்றாக இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கே பதில் தேடுவதாக அமைந்திருப்பது இதன் பலம். மீட்டிங் நேரத்தைக் கடைசி வரியில் சொல்லிவிட்டதும் சரி, பின்னால் திடீரென்று எடுத்தால் பொறி வைத்ததுபோல் இருக்கும். அனுப்புங்கள். ஆனால் இரவில் அனுப்ப வேண்டாம். காலையில் எழுந்து ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

நள்ளிரவு நிலா · 4 அக்டோபர்

கணக்கு வந்துவிட்டது. ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

இந்தியா, 4 பேர்: மொத்தம் 320 மணி. போர்டில் ஏறாத வேலை 118 மணி. பெரும்பகுதி ரிலீஸும் டிக்கெட்டும்.

கலிபோர்னியா, 3 பேர்: 240 மணி. ஏறாத வேலை 76. அதில் 54 மணி வாடிக்கையாளர் அழைப்பும் டெமோவும்.

ஜெர்மனி, 2 பேர்: 160 மணி. ஏறாத வேலை 20.

நான் எதிர்பார்த்தது இது இல்லை. எங்களுக்கு 37 சதவீதம், கலிபோர்னியாவுக்கு 32. எங்கள் பாரம் அவர்களைப்போல இரண்டு மடங்கு என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்கு 12 அல்லது 13 தான். அந்த இருவரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இப்போது இதை எடுத்துக்கொண்டு போய் என்ன பேசுவது? என் குறையே பொய்யாகிவிட்டது போலிருக்கிறது.

பழைய மேலாளர் · 4 அக்டோபர்

பொய்யாகவில்லை. வேறு இடத்தில் இருக்கிறது என்று காட்டியிருக்கிறது.

மணிக்கணக்கு நெருக்கமாக இருக்கலாம், ஆனால் வேலையின் தன்மையைப் பாருங்கள். அவர்களுடைய 54 மணி வாடிக்கையாளர் முன்னால் நடக்கிறது, மேலதிகாரிகள் பார்க்கிறார்கள், அப்ரைசலில் ஏறுகிறது. உங்களுடைய 118 மணி, சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது, தவறினால் மட்டும் தெரியும். அதோடு டெமோ என்றால் முன்கூட்டியே தெரியும், அதைச் சுற்றி நாளை அமைத்துக்கொள்ளலாம். அலர்ட் அப்படியா? காலையில் ஒரு மணி நேரம், மதியம் இருபது நிமிடம் என்று நாளையே துண்டாக்கிவிடும். துண்டுபட்ட நாளில் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாக இருப்பதில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் வராது: காத்திருப்பு. நீங்கள் மாலை 5 மணிக்குக் கோட் ரிவ்யூவுக்கு அனுப்புகிறீர்கள். அப்போது அங்கே விடியற்காலை 4.30. அவர்கள் பகலில் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் மறுநாள் காலை பதில் எழுதுகிறீர்கள். அது அவர்களுக்கு மறுநாள் பகலில்தான் போய்ச் சேரும். ஒரு கேள்வி ஒரு நாள். இரண்டு கேள்வி வந்தால் பத்து நிமிட மாற்றத்துக்கு மூன்று நாள். பாயிண்ட் குறைவதற்கு இதிலும் ஒரு பங்கு இருக்கும். நீங்கள் அனுப்பும் கோட் ஜெர்மனிக்காரர் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தால், அதே கேள்வி அன்றே தீர்ந்துவிடும்.

ஜெர்மனி பக்கம் இன்னொரு கதவும் திறக்கிறது. கலிபோர்னியாவில் நள்ளிரவு 12 மணிக்கு ஜெர்மனியில் காலை 9, இந்தியாவில் மதியம் 12.30. ரிலீஸ் செய்ய வேண்டிய அந்த இரவு நேரம் முழுக்க ஜெர்மனிக்காரர்களுக்கு நல்ல வேலை நேரம். அதை ஏன் இந்தியா மட்டும் சுமக்கிறது? யாரோ எப்போதோ தொடங்கிவைத்த பழக்கம், அப்படியே நின்றுவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை: இந்த எண்களை வைத்து யார் வேகம், யார் மந்தம் என்று நிரூபிக்க இறங்காதீர்கள். 41ஐ 164ஆல் வகுத்தால் என்ன, 29ஐ 202ஆல் வகுத்தால் என்ன என்று யாராவது தொடங்கினால் அன்றோடு எல்லோரும் அடுத்த தாளில் பொய் எழுத ஆரம்பிப்பார்கள்.

எல்பேக்கரை · 5 அக்டோபர்

ஜெர்மனியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பகல் ரிலீஸைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம், அதில் ஒரு தடையும் இல்லை. இரவு அலர்ட்டை இங்கே தள்ள நினைத்தால் மட்டும் கவனம். இங்கே ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேரத் தொடர்ச்சியான ஓய்வு சட்டப்படி வேண்டும். இரவு 11 மணிக்கு அலர்ட்டுக்காக ஒருவரை எழுப்பி வேலை வாங்கினால், பொதுவாக மறுநாள் காலை 10க்கு முன்னால் அவரைத் தொடங்கச் சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த இரண்டு பேருக்கு வேலை குறைவு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கேட்டுக் குறைத்துக்கொள்ளவில்லை. மாலை 6 மணிக்கு நடக்கும் அழைப்பில் அவர்களும் கிளம்பும் அவசரத்தில்தான் இருந்திருப்பார்கள்.

நேர்வழி · 5 அக்டோபர்

மூன்று இடத்துக்கு என் சுழற்சி யோசனை ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியில் விடியற்காலை 4 மணி ஆகும் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தியாவும் கலிபோர்னியாவும் மட்டும் பேச வேண்டிய விஷயத்துக்கு அது இன்னும் நல்லது என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் இவர்கள் இரவில், மறுவாரம் அவர்கள் மாலையில்.

காலை ஏழு · 6 அக்டோபர்

அதை ஒப்புக்கொள்கிறேன். மாலை 7 மணி என்றால் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உட்காரலாம். காலை 7ஐ விட எனக்கு அது எளிது. எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நள்ளிரவு நிலா · 18 அக்டோபர்

பேசிவிட்டோம். முதலில் லீடோடு நான் மட்டும், பிறகு எல்லோரும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லீடு தாளைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரிலீஸுக்கு இவ்வளவு நேரம் போகிறது என்று எனக்குத் தெரியாது. அது பொத்தானை அழுத்துகிற வேலை என்று நினைத்திருந்தேன்" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. நானும் அவருடைய 54 மணி எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

தினசரி ஸ்டாண்ட்-அப் போய்விட்டது. ஒவ்வொருவரும் தன் நாள் முடிவில் ஒரு குறிப்பு எழுதுகிறோம். வாரம் ஒரே ஒரு முழு டீம் அழைப்பு, செவ்வாய்க்கிழமை, நமக்கு 7.30, அவர்களுக்குக் காலை 7. மூன்று பேரில் ஒருவருக்கு அந்த நேரம் முடியாது. அவர் எழுத்தில் கலந்துகொள்கிறார், 24 மணி நேர விதி அவருக்காகவும் சேர்த்துத்தான். ரிலீஸ் ஒரு வாரம் ஜெர்மனி, ஒரு வாரம் இந்தியா. பழக்கப்படுத்த முதல் இரண்டு முறை நான் கூடவே உட்கார்ந்தேன். முன்பு வாரத்துக்கு ஒவ்வொருவரும் மூன்றரை மணி நேரம் இரவில் உட்கார்ந்தோம், இப்போது ஒரு மணி நேரம்.

ஆனால் குறிப்பு எழுதுவது சரியாக வரவில்லை. முதல் வாரத்தில் எல்லோரும் "நேற்றைய வேலையே தொடர்கிறது" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த சந்தேகத்துக்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. மீட்டிங் இருந்தபோதே பரவாயில்லை என்று எங்களில் ஒருவரே சொல்லிவிட்டார்.

பழைய மேலாளர் · 18 அக்டோபர்

அது எல்லா டீமிலும் நடக்கும். "என்ன செய்தேன்" என்று எழுதச் சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் அதை யாரும் படிப்பதில்லை. அடுத்த இடத்தில் விழிக்கப்போகும் ஆளுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். வேலை எந்த நிலையில் நிற்கிறது, எங்கே மாட்டியிருக்கிறது, யாரிடமிருந்து என்ன பதில் வேண்டும். கடைசியாக ஒரு வரி, அதுதான் உயிர்: பதில் வராவிட்டால் நான் என்ன செய்யப் போகிறேன்.

உதாரணத்துக்கு: "பில்லிங் பக்கத்தில் பழைய பயனர்களுக்குத் தள்ளுபடி காட்ட வேண்டுமா என்று தெரியவில்லை. லீடு முடிவு செய்ய வேண்டும். நாளை என் காலை 9 மணிக்குள் பதில் இல்லையென்றால் காட்டாமல் முடித்துவிடுகிறேன், பின்னால் மாற்றுவது எளிது." இப்படி எழுதினால் உங்கள் மறுநாள் வீணாகாது. அந்தப் பக்கமும் பதில் சொல்லத் தூண்டுதல் இருக்கும். மாற்ற முடியாத விஷயத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். தரவை அழிப்பது, வாடிக்கையாளருக்கு மெயில் போவது போன்றவற்றுக்கு மௌனம் சம்மதம் ஆகாது, பதில் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

இணைப்பாளன் · 19 அக்டோபர்

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அந்த செவ்வாய்க்கிழமை இன்வைட்டை யார் போட்டது? கேலண்டரில் திரும்பத் திரும்ப வரும் மீட்டிங் ஏதோ ஒரு ஊரின் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் அதை உருவாக்கியவர் ஊர். லீடு போட்டிருந்தால் `America/Los_Angeles`. நவம்பர் 2 அன்று அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். அவருக்கு 7 மணி 7 மணியாகவே இருக்கும், உங்களுக்குச் சத்தமில்லாமல் 8.30 ஆகிவிடும். நீங்கள் போட்டு `Asia/Kolkata` என்று இருந்தால் உங்களுக்கு 7.30 நிலைக்கும், அவர்களுக்குக் காலை 6. யார் இன்வைட் போடுகிறாரோ அவருக்குக் குளிர்காலம் இல்லை.

லினக்ஸ் கையில் இருந்தால் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
TZ="Asia/Kolkata" date -d 'TZ="America/Los_Angeles" 2025-10-28 07:00' +%H:%M
TZ="Asia/Kolkata" date -d 'TZ="America/Los_Angeles" 2025-11-04 07:00' +%H:%M
```

முதலாவது 19:30 காட்டும், இரண்டாவது 20:30. ஐரோப்பாவில் அதற்கு ஒரு வாரம் முன்பே, அக்டோபர் 26 அன்று, மாறிவிடுகிறது. அதனால் 28ஆம் தேதி அழைப்பு ஜெர்மனிக்காரர்களுக்கு மாலை 4க்குப் பதில் 3 மணிக்கு வரும். யாராவது ஒருவர் கட்டாயம் தவறவிடுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச்சில் அமெரிக்கா முதலில் மாறும், ஐரோப்பா மாத இறுதியில், அப்போதும் இதே குழப்பம் வரும்.

நள்ளிரவு நிலா · 19 அக்டோபர்

பார்த்தேன். `America/Los_Angeles` தான். இதை நான் கவனிக்கவே இல்லை. இப்போதே லீடிடம் கேட்கிறேன்.

வேகம்_77 · 20 அக்டோபர்

அலவன்ஸ் பத்தி சொன்னது இப்பவும் தப்புன்னு தோணல. ஒரு மணி நேரமா இருந்தாலும் ராத்திரி ராத்திரிதானே? ஆனா ஒண்ணு, இந்த ரெண்டு வாரத் தாள் வேலையை எங்க டீம்லயும் பண்ணிப் பாக்கப் போறேன். எங்களுக்கும் இதே பாயிண்ட் கேள்வி வருது.

நள்ளிரவு நிலா · 28 அக்டோபர்

இன்றைய அழைப்புக்கு ஜெர்மனியிலிருந்து இருவரும் 3 மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள், முந்தைய நாளே சொல்லி வைத்ததால். குறிப்புகளும் தேறி வருகின்றன. "பதில் வராவிட்டால்" வரியை இப்போது ஆறு பேர் எழுதுகிறார்கள்.

ரிலீஸ் ஜெர்மனி பக்கம் போன முதல் வாரத்தில் ஒன்று கவிழ்ந்தது. பழைய நிலைக்குத் திருப்பும் வழி எங்கள் நால்வர் தலையில் மட்டும்தான் இருந்திருக்கிறது, எங்கும் எழுதி வைக்கவில்லை. அது எங்கள் பிழை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நவம்பர் மட்டும் தீரவில்லை. லீடு காலை 6 முடியாது என்கிறார், நியாயம்தான். எங்களில் இருவர் 8.30 வேண்டாம் என்கிறார்கள். அரை மணி அரை மணியாகப் பங்கிட்டு, அங்கே 6.30, இங்கே 8 என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜெர்மனியில் மாலை 3.30 வரும், அவர்களுக்குச் சம்மதம். கலிபோர்னியாவில் இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். 4ஆம் தேதி அழைப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்வைட்டை இந்த முறை யாருடைய ஊர் நேரத்தில் போடுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.